கை மேல சொரசொரப்பு: லாக்டிக் ஆசிட் லோஷனா, யூரியா லோஷனா?

வாசகர் கடிதம்

வணக்கம் டாக்டர். வயசு 26, பெங்களூர்ல ஐடி வேலை, சொந்த ஊர் கடலூர் பக்கம். ஸ்கூல் படிக்கறப்பலேர்ந்து ரெண்டு கையிலயும் தோளுக்குக் கீழ வெளிப்பக்கமா சின்னச் சின்ன புள்ளி, தொட்டா சொரசொரன்னு இருக்கும். ஊருக்கு வந்தா கொஞ்சம் குறையுது. அம்மா அழுக்கு சேருதுன்னு சொல்லி பீர்க்கங்காய் நாரும் கால் தேய்க்கிற கல்லும் வெச்சு தேய்க்கச் சொல்றாங்க, தேய்ச்ச இடமெல்லாம் இப்போ கருப்பு புள்ளியா நிக்குது. ஆன்லைன்ல 12% லாக்டிக் ஆசிட் லோஷன் வாங்கினேன், ஷேவ் பண்ண அன்னிக்கு நைட்டு போட்டதும் தீயா எரிஞ்சுது, விட்டுட்டேன். ஃப்ரெண்டு யூரியா க்ரீம் போடுன்றா, மாமா வயலுக்குப் போடறத உடம்புல போடாதேன்றார். மெடிக்கல்ல ஒரு க்ரீம் குடுத்தாங்க, மூணு வாரமா போடறேன், வழவழன்னு ஆச்சு, நிறமும் கொஞ்சம் வெளுத்துச்சு. தை மாசம் கல்யாணம், இன்னும் நாலு மாசம் இருக்கு. எதைப் போடணும்? முழுசா போயிடுமா? அண்ணன் பொண்ணுக்கு அஞ்சு வயசு, அவளுக்கும் கன்னத்துல இதே மாதிரி இருக்கு.

பதில்

மொதல்ல அந்த மெடிக்கல் க்ரீம். இன்னிக்கே நிறுத்திடுங்கம்மா, லோஷன் பேச்செல்லாம் அப்புறம். வெளுத்துச்சுன்னு நீங்க சந்தோஷமா எழுதியிருக்கீங்க, எனக்கு அதைப் படிச்சதும்தான் சந்தேகம் வந்துச்சு. டியூப்பைத் திருப்பி பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க. மோமெட்டசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா அது ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின் ரெண்டும் இருந்தா, அது முகத்துல மங்கு உள்ளவங்களுக்கு டாக்டர் கொஞ்ச நாளைக்கு எழுதிக் குடுக்கிற கலவை. உங்க கையில இருக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஸ்டீராய்டு போட்டா எந்தத் தோலும் கொஞ்ச நாளைக்கு வழவழன்னுதான் ஆகும், செவப்பு அடங்கும், நிறம் வெளுக்கும், அப்புறம் தோல் மெலிஞ்சு போகும், உள்ள இருக்கிற நரம்பு தெரியும், வரி வரியா விழும். அந்த வரி திரும்பப் போகாது. 2018லயே இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களை சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு அரசாங்கம் விதி கொண்டு வந்துச்சு, ஆனா கவுன்ட்டர்ல நடக்கிறது உங்களுக்கே தெரியும். மூணு வாரம்தான் ஆச்சுங்கறதால பெருசா பயப்பட வேணாம். நிறுத்தின ஒரு வாரத்துல கொஞ்சம் செவந்து அரிக்கலாம், அதைப் பார்த்து பயந்து மறுபடியும் அதே டியூப்பை எடுத்துடாதீங்க, வெறும் மாய்ஸ்சரைசர் போதும். பத்து நாள் கழிச்சும் அடங்கலேன்னா தோல் டாக்டர்கிட்ட நேர்ல காட்டுங்க. ட்ரெடினாயின் இருந்துச்சுன்னா இன்னொரு விஷயமும் இருக்கு, கல்யாணத்துக்கு அப்புறம் குழந்தைக்கு ப்ளான் பண்றவங்க அதைத் தொடக்கூடாது.

இது என்னன்னா

உங்க கையில இருக்கிறது கெரட்டோசிஸ் பைலாரிஸ், சுருக்கமா கேபின்னு சொல்லுவோம். நேர்ல பார்க்காம சொல்றேன்தான், ஆனா டீன் வயசுல ஆரம்பிச்சு, ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி, மேல்கை வெளிப்பக்கமா, வலியோ சீழோ இல்லாம இருக்குன்னா வேற எதுவா இருக்கவும் வாய்ப்பு கம்மி. முடி முளைக்கிற ஒவ்வொரு துவாரத்தோட வாயிலயும் கெரட்டின்னு தோல்ல இருக்கிற ஒரு புரதம் கெட்டியா சேர்ந்து ஒரு குட்டி அடைப்பு ஆயிடுது, அவ்வளவுதான். சில சமயம் உள்ள இருக்கிற முடி வெளிய வர வழியில்லாம சுருண்டு கிடக்கும், சுத்தி லேசா செவக்கும். கிருமி இல்ல, ஒட்டாது, ரத்தம் கெட்டுப் போனதும் இல்ல. பெரும்பாலும் பரம்பரையா வர்றது, அதனாலதான் அண்ணன் பொண்ணுக்கும் இருக்கு, உங்க அம்மா கையையோ அப்பா கையையோ தடவிப் பார்த்தீங்கன்னா அங்கயும் கொஞ்சம் இருந்தாலும் இருக்கும்.

கடலூர் வந்தா குறையுதுன்னு எழுதினீங்களே, அது சரியான கவனிப்பு. கடலோரக் காத்துல ஈரம் இருக்கு, பெங்களூர்ல குளிர்கால வறண்ட காத்து, போதாக்குறைக்கு எட்டு ஒன்பது மணி நேரம் ஏசி. தோல் காய காய அந்த அடைப்பு இன்னும் கெட்டியாகும். தோலோட ஈரத்தைப் பிடிச்சு வெக்கிற ஃபிலாக்ரின்னு ஒரு புரதம் இருக்கு, கேபி இருக்கிற நிறைய பேருக்கு அது மரபணுவிலேயே கொஞ்சம் குறைவா இருக்கும், அதனால காய்ஞ்ச தோல், கரப்பான், அடிக்கடி தும்மல் இதெல்லாமும் சேர்ந்தே வரும். உங்களுக்கு சின்ன வயசுல முழங்கை மடிப்புல அரிப்பு, கரப்பான் ஏதாவது இருந்துச்சான்னு நீங்க எழுதல, இருந்துச்சுன்னா கீழ நான் சொல்றதுல யூரியா பக்கம் இன்னும் ஒரு படி சாஞ்சுக்கோங்க.

அம்மா சொல்ற அழுக்குக் கதைக்கு வருவோம். அழுக்கா இருந்தா சோப்புல போயிருக்கணும். அடைப்பு துவாரத்துக்கு உள்ள இருக்கு, கல்லு மேல்தோலைத்தான் தேய்க்கும். தேய்க்கத் தேய்க்க சுத்தியிருக்கிற தோல் புண்ணாகி, நம்ம மாதிரி மாநிறத் தோலுக்கு ஒவ்வொரு புண்ணும் ஆறுறப்ப ஒரு கருப்புப் புள்ளியை விட்டுட்டுப் போகும். இப்ப உங்களைக் கவலைப்பட வெக்கிற அந்தப் புள்ளியெல்லாம் பாதி கேபியால வந்தது, பாதி அந்தக் கல்லால வந்ததுன்னுதான் நான் சொல்லுவேன். நாரு, கல்லு, வால்நட் தூள் போட்ட ஸ்க்ரப் மூணுக்கும் ஓய்வு குடுங்க. நகத்தால கிள்ளி எடுக்கிற பழக்கம் இருந்தா அதுக்கும்தான். வைட்டமின் ஏ குறைவால வர்ற தவளைத் தோல்னு ஒண்ணு இருக்கு, அதை நினைச்சு சிலர் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவாங்க. அது முழங்கை, முழங்கால் பக்கம் பெரிய பெரிய முள்ளு மாதிரி வரும், சத்து ரொம்பக் குறைஞ்சவங்களுக்கு வரும். உங்க கதை அது இல்ல, வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களா வாங்கிப் போட்டுக்காதீங்க, அளவு கூடினா அதுவே பிரச்சினை, கர்ப்பம் தரிக்கிற வயசுல ரொம்பவே.

லாக்டிக் ஆசிட் என்ன பண்ணும்

தோலோட மேல் அடுக்குல செத்த செல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், லாக்டிக் ஆசிட் அந்த ஒட்டைத் தளர்த்தி விடும், அடைப்பு கொஞ்சம் கொஞ்சமா உதிரும். அதோட அது தண்ணியையும் பிடிச்சு வெக்கும், அதனால வெறும் உரிக்கிற மருந்துன்னு சொல்லிட முடியாது. கேபிக்கு இதுல நல்ல ஆதாரமும் இருக்கு. தாய்லாந்துல பண்ணி 2015ல வெளிவந்த ஒரு ஆய்வுல 50 பேருக்கு 10% லாக்டிக் ஆசிட்டையும் 5% சாலிசிலிக் ஆசிட்டையும் 12 வாரம், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை போட வெச்சாங்க, லாக்டிக் பக்கம் சொரசொரப்பு 66% குறைஞ்சுது, சாலிசிலிக் பக்கம் 52%. இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. மூணு மாசம் விடாம போட்டும் முழுசா போகல, மூணுல ரெண்டு பங்குதான். இன்னொண்ணு, அது 12 வாரம், நீங்க ஒரே ஒரு ராத்திரிலயே விட்டுட்டீங்க.

விட்டதுல உங்க தப்பு இல்ல, அன்னிக்கு எரியத்தான் செய்யும். ஷேவ் பண்ணா கண்ணுக்குத் தெரியாம ஆயிரம் கீறல் விழும், அது மேல ஆசிட் பட்டா வேற என்ன ஆகும். அது அலர்ஜி இல்ல, உங்க தோலுக்கு லாக்டிக் ஆகாதுன்னும் முடிவு பண்ணிடாதீங்க. இன்னொரு விஷயமும் இருக்கு, எல்லா 12%மும் ஒரே மாதிரி இல்ல. லேபிள்ல அம்மோனியம் லாக்டேட்னு இருந்தா ஆசிட்டைக் கொஞ்சம் சமன்படுத்தி மென்மையாக்கின வகை, கொஞ்சம் மெதுவா வேலை செய்யும், எரிச்சலும் கம்மி. வெறும் லாக்டிக் ஆசிட்னு மட்டும் இருந்து ரொம்பப் புளிப்பான பிஹெச்ல செஞ்சிருந்தா அதே சதவீதம் ரெண்டு மடங்கு கடிக்கிற மாதிரி இருக்கும். நம்பர் மட்டும் பார்த்து வாங்கினா இங்கதான் ஏமாறுவோம்.

லாக்டிக்ல இன்னொரு குறை வெயில். இந்த வகை ஆசிட் போட்ட தோல் வெயிலுக்கு சீக்கிரம் கருக்கும், நிறுத்தி ஒரு வாரம் வரைக்கும் அந்த பலவீனம் இருக்கும். வண்டில ஸ்லீவ்லெஸ் போட்டுப் போறவங்க ராத்திரில லாக்டிக் பூசிட்டு பகல்ல கைக்கு சன்ஸ்க்ரீன் போடலேன்னா சொரசொரப்பு போய் கருப்பு கூடும், நான் இதை க்ளினிக்ல பார்த்துக்கிட்டே இருக்கேன். முகத்துக்கு மட்டும் போட்டா பத்தாது, கைக்கும் போடணும், இல்லைன்னா முழுக்கை சட்டை போட்டுக்கோங்க, அதை விட நல்ல சன்ஸ்க்ரீன் இல்ல.

யூரியா, அதாவது மாமாவோட சந்தேகம்

மாமா சொல்றதுல பேர் மட்டும்தான் ஒண்ணு. யூரியாவை நம்ம கல்லீரலே தினம் தயாரிக்குது, வேர்வைல இருக்கு, தோல் ஈரத்தைத் தாங்கி நிக்க இயற்கையா வெச்சிருக்கிற பொருட்கள்லயும் ஒண்ணு. க்ரீம்ல வர்றது சுத்தம் பண்ணது, வயலுக்குப் போறது வேப்பெண்ணெய் பூசினது, வேற கலப்பும் இருக்கும், அதனால மாமா மூட்டைலேர்ந்து ஒரு பிடி எடுத்து தேங்காய் எண்ணெய்ல கலந்து பூசிப் பாக்கலாம்னு யாராவது ஐடியா குடுத்தா தயவு செஞ்சு வேணாம். சிரிக்காதீங்க, என்கிட்ட அப்படியும் வந்திருக்காங்க.

யூரியால அளவுதான் எல்லாமே. 5லேர்ந்து 10% வரைக்கும் அது முக்கியமா தண்ணியை இழுத்து வெக்கிற மாய்ஸ்சரைசர். 20%க்கு வந்தா கெரட்டினை இளக்க ஆரம்பிக்கும், கேபிக்கு நாம கேக்கறது இந்த ரேஞ்சுதான். 40% எல்லாம் தடிச்ச கால் ஆணிக்கும் நகத்துக்கும், அதை மேல்கையில பூசக்கூடாது. கடைல யூரியா க்ரீம் குடுங்கன்னு மட்டும் கேட்டா சில சமயம் பாத வெடிப்புக்கான கெட்டி வகையைக் குடுத்துடுவாங்க, நம்பரைப் பார்த்து வாங்கணும்.

லாக்டிக்கை விட யூரியா கடிக்கிறது கம்மி, வெயில் பிரச்சினையும் கிட்டத்தட்ட இல்ல. ஆனா கெட்டி அடைப்புல லாக்டிக் காட்டுற வேகம் யூரியாக்கு இல்லன்றது என்னோட அனுபவம். புண்ணு இருக்கிற இடத்துல யூரியாவும் எரியும், அதையும் மறந்துடாதீங்க. இன்னொரு சின்ன விஷயம், பழசாகறப்ப யூரியா உடைஞ்சு அம்மோனியா வரும். டியூப் திறந்ததும் மூக்கைத் துளைக்கிற நெடி வந்தா தூக்கிப் போட்டுடுங்க, வெயில்ல நிக்கிற கார்ல வெச்சா சீக்கிரமே அப்படி ஆகும்.

உங்களுக்கு எது

உங்க தோல் இப்ப ரெண்டு அடி வாங்கியிருக்கு, ஒண்ணு கல்லு, இன்னொண்ணு ஸ்டீராய்டு. அதனால நேரா லாக்டிக்ல இறங்க வேணாம். நான் சொல்ற வரிசை இது.

மொதல் ரெண்டு வாரம் லாக்டிக், யூரியா மாதிரி எந்த ஆக்டிவ்வும் வேணாம், வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் மட்டும். கொதிக்கிற தண்ணில குளிக்காதீங்க, பெங்களூர் குளிருக்கு ஆசையாத்தான் இருக்கும், வெதுவெதுப்பு போதும், ஒத்தி எடுத்துட்டு ஈரம் முழுசா காயறதுக்குள்ள பூசிடுங்க.

மூணாவது வாரத்துலேர்ந்து 10% யூரியா ரெண்டு கைக்கும் ராத்திரி ஒரு வேளை. அளவு எவ்வளவுன்னா, ஆள்காட்டி விரலோட கடைசி மடிப்புலேர்ந்து நுனி வரைக்கும் ஒரு கோடு டியூப்லேர்ந்து பிதுக்கினா அது சுமார் அரை கிராம், ஒரு மேல்கையோட வெளிப்பக்கத்துக்கு அது போதும். ரெண்டு கைக்கும் ஒரு கிராம், அதாவது மாசத்துக்கு 30 கிராம். நிறைய பேர் மருந்து வேலை செய்யலன்னு சொல்றப்ப நான் கேக்கிற மொதல் கேள்வி டியூப் எத்தனை மாசமா ஓடுதுன்னுதான். 50 கிராம் டியூப் ஆறு மாசம் வந்துச்சுன்னா அவங்க பூசவே இல்ல, காட்டிட்டு மூடி வெச்சிருக்காங்க.

அஞ்சாவது வாரம்தான் உங்க கேள்விக்கு நிஜமான பதில் கிடைக்கும். வலது கைக்கு நீங்க ஏற்கனவே வாங்கி வெச்சிருக்கிற 12% லாக்டிக், இடது கைக்கு 20% யூரியா. லாக்டிக் மொதல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள், தோல் நல்லா காய்ஞ்ச பிறகு போடுங்க, ஈரத்துல போட்டா ஆழமா இறங்கி அதிகமா எரியும். யூரியாவை மட்டும் லேசா ஈரமா இருக்கிறப்பவே போடலாம். போட்டதும் ரெண்டு மூணு நிமிஷம் குறுகுறுன்னு இருந்து அடங்கினா பரவால்ல, காலைல எழுந்தும் செவப்பு இருந்தா, தோல் தாள் மாதிரி பளபளன்னு இழுத்துப் பிடிச்சா, உரிஞ்சா, மூணு நாள் விட்டுட்டு வாரத்துக்கு ரெண்டு தடவைன்னு குறைச்சு ஆரம்பிங்க. ஷேவ் பண்ணா ரெண்டு நாள் கழிச்சுதான் எதுவா இருந்தாலும். வாக்ஸிங்னா நாலஞ்சு நாளைக்கு முன்னாடியே லாக்டிக்கை நிறுத்தணும், இல்லேன்னா வாக்ஸோட தோலும் சேர்ந்து வந்துடும்.

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதே ஜன்னல், அதே நேரம், பக்கவாட்டு வெளிச்சத்துல ஃபோட்டோ எடுங்க, ஃப்ளாஷ் போட்டா சொரசொரப்பு மறைஞ்சுடும். கண்ணை மூடிக்கிட்டு தடவிப் பாக்கிறது இன்னும் நல்லது, ஏன்னா மொதல்ல மாறறது தொடுறப்பதான் தெரியும், நாலு வாரத்துலேர்ந்து தெரிய ஆரம்பிக்கும். செவப்பு அப்புறம்தான் குறையும். கருப்புப் புள்ளி கடைசி, அதுக்கு மாசக்கணக்கு ஆகும், அதுக்காக லோஷனைக் குத்தம் சொல்லி மாத்தாதீங்க. ஆறு வாரம் கழிச்சு எந்தக் கை தேவலையோ அதை ரெண்டு கைக்கும் வெச்சுக்கோங்க. வித்தியாசமே தெரியலேன்னா நான் யூரியாவை எடுப்பேன், வெயில் தொல்லை இல்ல.

ரெண்டும் கலந்த லோஷனும் கடைல கிடைக்குது, நல்லதுதான். ஆனா ஆரம்பத்துல வேணாம்னு சொல்றதுக்குக் காரணம், எரிஞ்சா எதனால எரிஞ்சுதுன்னு தெரியாது. எது ஒத்துக்குதுன்னு தெரிஞ்ச பிறகு அதுக்குப் போகலாம்.

கல்யாணத்துக்கு

நாலு மாசம்னா இந்த வரிசை பதினோராவது வாரத்துல முடியும், அப்புறமும் அஞ்சாறு வாரம் கையில இருக்கும். தொட்டா மெத்துன்னு இருக்கிற கை கிடைக்கும்னு சொல்லலாம், கருப்புப் புள்ளி எல்லாம் தைக்குள்ள போயிடும்னு சொல்ல முடியாது, மங்கியிருக்கும். முகூர்த்தத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி எதையும் புதுசா ஆரம்பிக்காதீங்க, பார்லர்ல ப்ரைடல் பேக்கேஜ்ல பாடி பாலிஷிங், பீலிங்னு கைக்கும் சேர்த்துப் போட்டிருப்பாங்க, கைய விட்டுடச் சொல்லுங்க. லாக்டிக் போட்டுக்கிட்டு இருந்தா ஒரு வாரம் முன்னாடி நிறுத்திட்டு மாய்ஸ்சரைசர் மட்டும். அந்த வாரத்துல நலங்கு, மஞ்சள், வாக்ஸிங்னு வரிசையா தோல்லதான் கை வெப்பாங்க.

முழுசா போயிடுமான்னா, இல்ல. நிறுத்தினா சில வாரத்துல மெதுவா திரும்பும், அதனால நல்லா ஆனதும் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவைன்னு தொடரணும். வயசாக ஆக நிறைய பேருக்கு தானாவே குறையுது. குழந்தை உண்டானா சிலருக்கு கொஞ்சம் கூடும், யூரியாவையும் இந்த அளவு லாக்டிக்கையும் அப்பவும் போடலாம், உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு. லேசர் பத்தி நீங்க கேக்கல, ஆனா பார்லர்ல யாராவது கேப்பாங்க. முடியைக் குறைக்கிற லேசர் சிலருக்கு உதவுது, நம்ம நிறத்துக்கு லாங் பல்ஸ் என்டி-யாக்ன்ற வகைதான் பாதுகாப்பு, தோல் டாக்டர் இருக்கிற இடத்துல மட்டும். ஆனா லோஷனை ஒழுங்கா மூணு மாசம் போடாம அங்க போறது காசுக்குக் கேடு.

அண்ணன் பொண்ணுக்கு லாக்டிக்கும் வேணாம், 20% யூரியாவும் வேணாம். அஞ்சு வயசு கன்னத்துக்கு வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் ரெண்டு வேளை, அவ்வளவுதான். கன்னத்துல இருக்கிறது பெரியவளாகறப்ப பெரும்பாலும் தானா மங்கிடும். உங்க கையில அந்த மெடிக்கல் டியூப் மிச்சம் இருந்தா அதைக் குப்பைல போடறதுக்கு முன்னாடி நல்லா பிதுக்கிக் காலி பண்ணிட்டுப் போடுங்க, அண்ணி எடுத்து குழந்தைக்குப் போட்டுடப் போறாங்க.